மூடிய தொட்டியில் சென்ட்ரிங் பிரிக்கும் முன்: பலகையில் எழுத வேண்டியதும் ஆட்களிடம் சொல்ல வேண்டியதும்

புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்கிலோ தண்ணீர்த் தொட்டியிலோ சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கிய தொழிலாளியும், அவரைத் தூக்கப் போனவரும் அடுத்தடுத்து இறந்த செய்தி தமிழ்நாட்டு நாளேடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘விஷவாயு தாக்கியது’ என்று அந்தச் செய்தி முடிந்துவிடுவதால், கழிவே விழாத புதுத் தொட்டியில் ஆபத்து எப்படி வந்தது என்ற கேள்வி எழுவதில்லை. மேல்தளம் போட்ட பின் இரண்டு வாரம் மூடிக்கிடக்கும் தொட்டியில், ஈரப் பலகையிலும் தேங்கிய நீரிலும் வளரும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்குகிறது. இயல்பான காற்றில் 20.9 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால், உள்ளே போனவர் கூச்சலிடக்கூட நேரமின்றி மயங்கிச் சாய்வார்.

பெரிய கட்டுமானத் தளங்களில் இதற்கான எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் இருக்கும்; ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பார் என்பதற்காக அதன் கீழே ‘வரையறுக்கப்பட்ட இடம், அனுமதியின்றி நுழையாதீர், வளிமண்டலத்தைச் சோதிக்கவும்’ என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கி ஒட்டிவிடுகிறார்கள். இதைப் படிக்கும் சென்ட்ரிங் ஆளுக்குத் தன் எதிரே உள்ள தொட்டியைத்தான் அது குறிக்கிறது என்று தோன்றுவதற்கு வழியே இல்லை. அந்தப் பலகை இவ்வாறு இருந்தால் பயன்படும்: ‘ஆபத்து! இந்தத் தொட்டிக்குள் மூச்சுவிடக் காற்று இல்லாமல் இருக்கலாம். காற்றை அளந்து பொறியாளர் கையெழுத்திட்ட சீட்டு வரும்வரை இறங்காதீர். உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னால் இறங்காதீர், 112-ஐ அழையுங்கள்.’ கடைசி வரி ஆங்கில மூலத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை என்றாலும், சாவு ஒன்றிலிருந்து மூன்றாகப் பெருகுவது அந்த இடத்தில்தான் என்பதால் மொழிபெயர்ப்பவர் அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர் உள்ள தளத்தில் இதே வரிகள் இந்தியிலும், ஆட்களின் ஊருக்கேற்ப ஒடியாவிலோ வங்காளத்திலோ இருப்பதும் அவசியம்.

பலகையைப் படிக்க இயலாதவரும் உண்டு என்பதால், இறங்கும் முன் தொட்டியருகே நின்று மேஸ்திரி வாய்மொழியாகவும் சொல்ல வேண்டும்: ‘உள்ளே காற்று கெட்டிருக்கும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தலை கனத்தால் உடனே மேலே வா. கூப்பிட்டுப் பதில் வரவில்லை என்றால் யாரும் குதிக்காதே, கயிற்றை இழு.’ கேட்டவர்களில் ஒருவரைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியவற்றின் வரிசையும் மாறக் கூடாது. எல்லா மூடிகளையும் திறந்து, தேங்கிய நீரை இறைத்துவிட்டு, காற்றூதியின் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கிக் காற்றடிப்பது முதல் வேலை. நீர் இறைக்கும் பெட்ரோல் எஞ்சினைத் தொட்டிக்குள் வைத்தால் அதன் கார்பன் மோனாக்சைடே ஆளைக் கொல்லும். மூடியை ஒரு நாள் திறந்து வைத்தாலே போதும் என்ற நம்பிக்கை தவறானது. ஒற்றை ஆள்நுழை துளை வழியாக அடிக்காற்று தானாக வெளியேறாது. அடுத்து, வாயு அளவுக் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டங்களில் அளக்க வேண்டும்; எந்த மட்டத்திலும் ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும், கருவி காட்டும் நச்சு வாயுக்களும் எரிவாயுவும் எச்சரிக்கை அளவுக்குள்ளும் இருந்தால்தான் சீட்டில் கையெழுத்திடலாம். மெழுகுவத்தி எரிகிறதா என்று பார்ப்பது அளவாகாது, எரிவாயு இருந்தால் அதுவே தீப்பிடிக்க வைக்கும். அதன்பின் உடல்வார் கட்டி, அதன் கயிற்றை மேலே உள்ளவர் கையில் கொடுத்து, ஒருவரை மட்டும் இறக்க வேண்டும். வேலை முடியும்வரை காற்றூதி ஓட வேண்டும், மேலே நிற்பவர் இடத்தைவிட்டு நகரக் கூடாது. விழுந்தவர் மகனே ஆனாலும் சுவாசக் கருவி இல்லாமல் யாரும் பின்னால் இறங்கக் கூடாது. அக்கருவி தீயணைப்புத் துறையிடம் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சாவு நேர்ந்தால், குடும்பத்தின் உரிமை காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. அதில் ‘தொட்டியில் தவறி விழுந்து இறந்தார்’ என்று மட்டும் பதிந்துவிடுவது காவலருக்கு எளிது. வேலை நடந்த இடம், செய்த வேலை, அமர்த்திய ஒப்பந்தக்காரரின் பெயர் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்க வேண்டும். அதன் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, கூலி வாங்கியதற்கான ஏதேனும் பதிவு ஆகியவற்றுடன் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் இரண்டு ஆண்டுக்குள் மனு அளிக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவித்தொகை இதிலிருந்து வேறானது. அதற்கு மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை வாங்கியதால் மற்றது போய்விடும் என்று சில இடைத்தரகர்கள் சொல்வதை நம்பிவிடக் கூடாது.

இறுதிச் சடங்கன்றே ஒப்பந்தக்காரர் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இருந்துவரும் விதி. நேரடியாகக் கொடுத்தது இழப்பீடு செலுத்தியதாகக் கொள்ளப்படாது என்பதால், அப்படிக் கையெழுத்திட்டுவிட்ட குடும்பமும் மனு அளிக்கலாம்.