பாலிசி இருக்கிறது, பதிவு இருக்கிறதா?

புது கார் ஷோரூமை விட்டு வெளியே வரும்போது பெரும்பாலும் கையில் இன்ஷூரன்ஸ் பாலிசி இருக்கும். நிரந்தரப் பதிவு எண் மட்டும் சில சமயம் வந்திருக்காது. எண்ணே வராத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் செல்லுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. செல்லும். பாலிசி அடையாளம் காண்பது என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும்தான். பதிவு எண் வர வேண்டிய கட்டத்தில் 'NEW' என்று அச்சாகியிருக்கும். நிரந்தர எண் வந்த பிறகு அதைக் கம்பெனிக்குத் தெரிவித்தால் பாலிசியில் சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஆனால் எண் வராத வண்டி வேறு, பதிவே இல்லாத வண்டி வேறு. பதிவு இல்லாமல் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆவது பிரிவு. உள்ளூரில் வாங்கி உள்ளூரிலேயே பதிவு செய்யும் காரை, எண் பலகை மாட்டிய பிறகே டீலர் ஒப்படைக்க வேண்டும். பெங்களூரில் வாங்கிக் கோவையில் பதிவு செய்ய நினைப்பவருக்குத்தான் தற்காலிகப் பதிவு தேவைப்படுகிறது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் இருப்பது அந்த எண். 'ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒட்டிய ஸ்டிக்கர் எந்த வகைப் பதிவும் ஆகாது.

தற்காலிகப் பதிவுக்குக் காலாவதித் தேதி உண்டு. பாலிசிக்கும் ஒரு தேதி உண்டு. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்காததால் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைப் பார்ப்போம். ராஜஸ்தான்காரர் ஒருவர் 2011இல் பஞ்சாபில் ஒரு பொலேரோ வாங்கினார். காப்பீட்டுத் தொகை 6,17,800 ரூபாய். பாலிசி ஜூன் 20ஆம் தேதி தொடங்கி ஓராண்டுக்கு இருந்தது. தற்காலிகப் பதிவோ ஜூலை 19ஆம் தேதி முடிந்துவிட்டது. ஜூலை 28ஆம் தேதி ஜோத்பூருக்குப் போய், இரவு ஒரு விடுதியில் தங்கினார். காலையில் பார்த்தால் வெளியே நிறுத்திய வண்டி இல்லை. போலீசில் புகார் கொடுத்தும் வண்டி கிடைக்கவில்லை. பதிவு காலாவதியானதைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை மறுத்தது.

தேசிய நுகர்வோர் ஆணையம் அவர் பக்கம் நின்றது. ஆனால் 2021 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன தொடர்பு என்று நமக்குத் தோன்றலாம். நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. சம்பவம் நடந்த நாளில் செல்லத்தக்க பதிவு இல்லாமல் வண்டி பயன்பாட்டில் இருந்தது, அது ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனையையே மீறியதாகும் என்றது. 2014இல் நரிந்தர் சிங் வழக்கிலும் இதே முடிவுதான். அங்கே நடந்தது விபத்து. பதிவு முடிந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன.

இரண்டு தீர்ப்புகளிலும் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய ஒன்று முக்கியமானது. நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பித்ததாகவோ காத்திருந்ததாகவோ உரிமையாளர் எந்த ஆதாரமும் காட்டவில்லை. ஆகவே விண்ணப்பித்த தேதியுள்ள ரசீது வெறும் காகிதமல்ல. ஆனால் ரசீது இருப்பதாலேயே காலாவதிக்குப் பிறகு வண்டியை ஓட்டலாம் என்று அர்த்தமும் இல்லை.

இதில் மறுக்கப்படுவது பெரும்பாலும் நம் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்குமான பணம். மோதியதில் காயமடைந்த மூன்றாம் நபரின் கதை வேறு. கம்பெனி முதலில் அவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. அப்போதும் கடைசியில் சுமை நம் தலையில்தான்.

ஷோரூமில் சாவி வாங்கும் முன் பாலிசியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சேசிஸ் எண்ணின் 17 எழுத்துகளும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாலிசி எந்த நாள், எந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது என்றும் பாருங்கள். நாளை தொடங்கும் பாலிசியை நம்பி இன்று ஓட்டினால், இன்றைய விபத்துக்குப் பணம் வராது. தற்காலிகப் பதிவுச் சான்றிதழில் உள்ள கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு வெகு முன்பாகவே உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

ஃபேன்சி நம்பருக்காகக் காத்திருந்தாலும் இந்தத் தேதி தள்ளிப்போகாது. கடைசி நாள் கடந்தும் நிரந்தர எண் வரவில்லையா? எண் வரும் வரை வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.