விலையைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்

ஒரு அவுன்ஸ் தங்கத்தின் விலைக்கு எத்தனை அவுன்ஸ் வெள்ளி வாங்கலாம் என்பதே தங்கம்-வெள்ளி விகிதம். கொரோனா பீதி உச்சத்தில் இருந்த 2020 மார்ச்சில் அது 120-ஐத் தாண்டியது. தங்கம் சுமார் 1,480 டாலர், வெள்ளி சுமார் 12 டாலர்.

அன்று ஒரு அவுன்ஸ் தங்கத்தை முன்பேர சந்தையில் விற்று, அதே மதிப்புக்கு 123 அவுன்ஸ் வெள்ளி வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்டில் தங்கம் 2,000 டாலரைத் தாண்டியது. விற்றதில் சுமார் 550 டாலர் நஷ்டம். வெள்ளியோ 28 டாலரைத் தொட்டது. அதில் 1,950 டாலருக்கு மேல் லாபம். தங்கம் ஏறியும் அவர் ஜெயித்தார். ஆனால் விகிதம் 85-ஐத் தொட்டபோதே இறங்கியவர்கள், அது 120-க்குப் போகும்வரை மார்ஜின் பணம் கட்டித் தவித்திருப்பார்கள்.

கச்சா எண்ணெயில் இதே வியாபாரத்துக்குப் பெயர் 'கிராக் ஸ்ப்ரெட்'. மூன்று பீப்பாய் கச்சா எண்ணெய் வாங்கி, இரண்டு பீப்பாய் பெட்ரோலும் ஒரு பீப்பாய் டீசலும் விற்பது. இங்கே ஒரு பிடிமானம் உண்டு: இடைவெளி மிகவும் சுருங்கினால் சுத்திகரிப்பு ஆலைகள் உற்பத்தியைக் குறைக்கும், பெட்ரோல் விலை ஏறும். தங்கத்தையும் வெள்ளியையும் அப்படி இழுத்துப் பிடிக்க எந்த ஆலையும் இல்லை. விகிதம் பழைய இடத்துக்குத் திரும்பியே தீரும் என்று நம்பிக் கடன் வாங்கி இறங்காதீர்கள்.