கூட்டத்தில் ஒலிக்கும் விசைப்பலகை

காணொலிக் கூட்டங்களில் பேசுபவரின் குரலைவிடத் தெளிவாகக் கேட்பது, பல வேளைகளில், பேசாதிருப்பவரின் விசைப்பலகைதான். எங்கள் வட்டார அலுவலகம் மாதந்தோறும் கிளைகளுடன் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் மிகக் குறைவாகப் பேசுபவர் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் அலுவலர். ஆயினும் திரையில் அடிக்கடி முன்னே வந்து நிற்பது அவர் முகமே. அவர் தட்டச்சு செய்யும் ஓசையைப் பேச்சு என்று எண்ணி மென்பொருள் அவரை மையத்துக்குக் கொண்டுவருகிறது. வாராக்கடன் நிலவரத்தை விளக்கிக்கொண்டிருக்கும் கிளை மேலாளர் ஓரத்துக்குப் போய்விடுகிறார். அதே அறையில் அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கோ அந்தத் தட்டச்சு ஒரு பொருட்டாகவே தோன்றுவதில்லை.

இந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம் தூரம். தடையற்ற வெளியில் ஓர் ஒலியின் அழுத்தம், தூரம் இரட்டிப்பாகும்போது பாதியாகக் குறைகிறது. வணிகவியல் படித்த எங்களுக்கு இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் விளங்குகிறது. பல மடிக்கணினிகளில் ஒலிவாங்கி விசைகளுக்கு அருகிலேயே, அதே உடற்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். விசையிலிருந்து அதற்கு 10 செ.மீ., பேசுபவரின் வாயிலிருந்து 60 செ.மீ. என்று கொள்வோம். ஒரே அளவு ஒலி இரண்டு இடங்களிலிருந்தும் எழுந்தால், விசையின் ஒலி குரலைப் போல் 6 மடங்கு வலுவோடு ஒலிவாங்கியை அடையும். இதன்மேல், விசை அடிமட்டத்தில் மோதும் அதிர்வு காற்றைக் கடக்க வேண்டிய தேவையின்றிக் கணினியின் உடல் வழியாகவே ஒலிவாங்கிக்குச் செல்கிறது. அடுத்த நாற்காலிக்காரருக்கு அந்த வழி இல்லை. ஒலிவாங்கி திரையின் மேல் விளிம்பில் அமைந்த கணினிகளில் நிலைமை சற்று மேல். அங்கும் அதிர்வு திரைச்சட்டத்தில் ஏறிச் சென்றுவிடுகிறது.

இரண்டாவது காரணம் மென்பொருளின் நல்லெண்ணம் என்றே சொல்ல வேண்டும். மெல்லப் பேசுபவரின் குரலும் எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்பதற்காக, ஒலிவாங்கியின் உணர்திறனைக் கூட்டச் செயலி தானே ஏற்றி இறக்குகிறது. ஒருவர் நெடுநேரம் மௌனமாக இருந்து குறிப்பெழுதும்போது, அந்த மௌனத்தைத் தாழ்ந்த குரலாகக் கருதி உணர்திறனை உயர்த்திவிட நேர்கிறது. உயர்த்திய பின் வரும் முதல் ஒலி, குறிப்பெழுதுபவரின் விசைத்தட்டு.

இரைச்சலை நீக்கும் வசதி இருந்தும் இது ஏன் தப்பிவிடுகிறது என்று கேட்கலாம். மின்விசிறியின் ஓசையும் குளிர்சாதனக் கருவியின் ஓசையும் மாறாமல் நீடிப்பவை. அவற்றை ஓரிரு நொடி கேட்டு அளந்து கழித்துவிடுவது பழைய முறை. விசைத்தட்டு அப்படிப்பட்டதன்று. அழுத்தும்போது ஓர் ஒலி, விடுவிக்கும்போது இன்னோர் ஒலி. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அளப்பதற்குள் அது போய்விடுகிறது. போதாக்குறைக்கு ‘ட்’, ‘க்’ போன்ற வல்லின மெய்களும் இதேபோல் சட்டென வெடித்து அடங்குபவை. ஒன்றை வெட்டினால் மற்றொன்றும் வெட்டுப்படும் ஆபத்து உண்டு. பேசாதபோது தட்டுவதை நீக்குவது எளிது. பேசிக்கொண்டே தட்டுவதை நீக்குவது புதிய மென்பொருளுக்கும் கடினம்.

ஆகவே தீர்வைத் தூரத்தில் தொடங்குவதே முறை. வாய்க்கு அருகே நீளும் ஒலிவாங்கித் தண்டு கொண்ட ஹெட்செட்டை அணிந்தால், வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே 4 செ.மீ., விசைப்பலகைக்கு 40 செ.மீ. என ஆகிறது. இப்போது குரலுக்கு 10 மடங்கு சாதகம். முன்பு 6 மடங்கு பாதகமாக இருந்ததையும் சேர்த்துப் பெருக்கினால், குரலுக்கும் விசைக்கும் உள்ள விகிதம் 60 மடங்கு மேம்படுகிறது. கணினியின் உடல் வழியே வந்த அதிர்வும் அறுந்துவிடுகிறது. விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கம்பியுள்ள எளிய ஹெட்செட்டே இதற்குப் போதும்.

ஹெட்செட் அணிந்தும் பயனில்லை என்று சொல்பவர்களைச் சந்திக்கிறோம். பெரும்பாலும் அங்கே காதில் ஹெட்செட்டும் கூட்டத்தில் மடிக்கணினியின் ஒலிவாங்கியும் இயங்கிக்கொண்டிருக்கும். கண்டறிவது எளிது. செயலியின் ஒலி அமைப்பைத் திறந்து, ஒலிவாங்கியின் அளவுகாட்டியைப் பார்த்தபடி ஹெட்செட் தண்டை விரல்நுனியால் மெல்லத் தட்டுங்கள். பிறகு மடிக்கணினியின் உடலைத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது அளவுகாட்டி பாய்ந்து எழுகிறதோ அதுவே இயங்கும் ஒலிவாங்கி. விண்டோஸ் கணினியில் Settings, System, Sound என்று சென்று Input பகுதியில் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்து, கூட்டச் செயலியிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் தனித்தனி அமைப்புகள் என்பதே பலரைக் குழப்புகிறது.

ஹெட்செட் இல்லாதவர்கள் தனி விசைப்பலகை ஒன்றை இணைத்து, அதன் கீழே தடித்த துணியோ ரப்பர் விரிப்போ இட்டு, கணினியைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். ‘கிளிக்’ என்று ஓசையெழுப்பும் மெக்கானிக்கல் வகை விசைப்பலகைகளை விரும்பி வாங்குபவர்கள் தனியறையில் அவற்றை ரசிப்பதே நல்லது.

அடுத்து மென்பொருள். ஜூம் செயலியின் Audio பகுதியில் பின்னணி இரைச்சல் நீக்கத்துக்கு Low, Medium, High என்ற நிலைகள் உள்ளன. மின்விசிறிக்கு Medium போதும். தட்டச்சுக்கு High தேவை. High நிலையில் தாழ்ந்த குரலில் பேசுபவரின் சொற்முனைகள் தேய்ந்து கேட்கக்கூடும். அதே பகுதியில் உள்ள Automatically adjust microphone volume என்பதன் குறியை நீக்கிவிட்டால், மௌனத்தில் உணர்திறன் தானே ஏறுவது நிற்கும். நீக்கிய பின் அளவைக் கையால் சரிசெய்து, ஒருமுறை பேசிப் பதிவுசெய்து கேட்டுவிடுவது அவசியம்.

பேசாத நேரத்தில் ஒலிவாங்கியை அணைத்து வைப்பதே எல்லாவற்றிலும் உறுதியான வழி. அணைத்த நிலையில் ஜூமில் இடைவெளி விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் குரல் செல்லும். விட்டதும் மீண்டும் அணைந்துவிடும். குறிப்பெழுதும் அலுவலருக்கு இது மிகவும் பொருந்துகிறது. ஆனால் 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அனுமதித்த காணொலி வழி வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் இது முழுமையாக உதவாது. அங்கே அலுவலர் கேள்வி கேட்டபடியே விடைகளைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. முழு உரையாடலும் பதிவாகிறது. வாடிக்கையாளர் சொல்லும் பிறந்த தேதியின்மேல் விசையோசை விழுந்தால் மறுபடி கேட்க நேரிடும். அவ்விடத்தில் அலுவலருக்கு ஹெட்செட்டே கதி.

இரைச்சல் என்ற தொல்லைக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. 2023-இல் பிரிட்டனின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மடிக்கணினியின் 36 விசைகளை ஒவ்வொன்றும் 25 முறை அழுத்தி, அவ்வோசையை ஜூம் வழியாகப் பதிவுசெய்து, எந்த ஓசை எந்த விசையுடையது என்று ஒரு நிரலுக்குப் பயிற்றுவித்தனர். பதிவை மட்டுமே கேட்டு அந்நிரல் 93 விழுக்காடு சரியாக விசைகளை இனங்கண்டது. அதே கணினியின் ஓசையில் முன்னரே பயிற்றுவிக்கப்பட்டிருந்தது என்பதால், முன்பின் அறியாதவர் நாளையே நம் விசைப்பலகையைப் படித்துவிடுவார் என்று அஞ்ச வேண்டியதில்லை. எனினும் ஒரே கணினியில் ஒரே குழுவோடு ஆண்டுக்கணக்கில் கூட்டங்களில் கலந்துகொள்பவரின் விசையோசை, பதிவுகளாக எங்கெங்கோ சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கூட்டத்தின் நடுவே இணைய வங்கிக் கணக்கைத் திறக்க நேர்ந்தால், கடவுச்சொல்லின் முதல் எழுத்தைத் தட்டுமுன் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, திரையில் அதன் சின்னத்தின்மேல் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.