மஞ்சளை மறைக்கும் மஞ்சள்

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் என் அக்கா மகள் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "சித்தி, இதைப் பாருங்க. சோப்பு போட்டதும் ரத்தம் மாதிரி ஆயிடுச்சு. துணி போச்சா?" வாளிக்குள் அவள் ஹல்திக்குப் போட்டிருந்த எலுமிச்சை மஞ்சள் காட்டன் குர்தா கிடந்தது. தோள்பட்டையிலும் மடியிலும் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. பக்கத்திலேயே சுருட்டி வைத்திருந்தது ஜார்ஜெட் துப்பட்டா.

துணி போகவில்லை. ஆனால் அந்த வாளியில் இருந்த ஒவ்வொரு கறைக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. ஹல்திக்கு மஞ்சள் உடுத்தினால் கறை தெரியாது என்று எல்லோரும் சொல்கிறோம். அது எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதை அந்த ஒரு குர்தாவை வைத்தே சொல்லிவிடலாம்.

நம் நலங்கில் மஞ்சள் பூசிக்கொள்வது பெண்ணும் மாப்பிள்ளையும்தான். பூசுபவர்கள் விரல் நுனியோடு நிறுத்திக்கொள்வார்கள். வடக்கே ஹல்தி, குஜராத்தில் பீத்தி, மகாராஷ்டிராவில் ஹளத், வங்காளத்தில் காயே ஹோலுத் என்று நடக்கும் சடங்குகளில் ஆட்டமும் பாட்டும் அதிகம். இப்போது நம் ஊர் மண்டபங்களிலும் வந்துவிட்ட ஹல்தியில் பூசிக்கொள்ளாமல் யாரும் தப்ப முடியாது. கடைசியில் குடம் குடமாகத் தண்ணீரும் ஊற்றுகிறார்கள். ஆகவே விருந்தாளியின் உடைக்கும் மணப்பெண்ணின் உடைக்கும் ஆபத்து ஒன்றுதான்.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்க்குமின் என்ற பொருள். நாம் வாங்கும் மஞ்சள் தூளில் அது நூற்றுக்குச் சில பங்குதான் இருக்கும். அந்தக் கொஞ்சமே போதும். பெரும்பாலான இயற்கைச் சாயங்கள் துணியில் ஒட்ட வேண்டுமென்றால் முதலில் படிகாரம் மாதிரி ஏதாவது ஒன்றில் துணியை நனைத்தெடுக்க வேண்டும். குர்க்குமினுக்கு அந்தத் துணை தேவையில்லை. பருத்தி நூலைத் தொட்டாலே நேராகப் பிடித்துக்கொள்ளும். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். ஹல்திக் குழம்பில் மஞ்சள் தூள், கடலை மாவு, தயிர் அல்லது பால், சந்தனம் இவற்றோடு எண்ணெயும் சேர்கிறது. வடக்கே அது பெரும்பாலும் கடுகெண்ணெய். அந்த எண்ணெய்தான் குர்க்குமினைச் சுமந்து நூலின் இடுக்குக்குள் கொண்டுபோய் விடுகிறது. கடலை மாவு மேலேயே உதிர்ந்துவிடும், சாயம் உள்ளே தங்கிவிடும்.

மஞ்சள் துணி இதை எப்படி மறைக்கிறது? குர்க்குமின் தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிவிடுகிறது. மிச்சம் திரும்பி வருவதுதான் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. மஞ்சள் துணியின் சாயமும் ஏற்கெனவே அதே நீலத்தைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே நீலம் மிச்சமே இல்லாதபோது, மேலே விழுந்த கறை புதிதாக எதை எடுத்துவிட முடியும்? கறை இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

ஆனால் எல்லா மஞ்சளும் அந்த அளவுக்கு விழுங்குவதில்லை. எலுமிச்சை மஞ்சளும் வெண்ணெய் மஞ்சளும் கொஞ்சம் நீலத்தைத் திருப்பி அனுப்பிவிடும். குழைத்த மஞ்சளோ ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த கனமான நிறம். அதனால்தான் அக்கா மகளின் குர்தாவில் சோப்பு படுவதற்கு முன்பே, மண்டபத்தில் எடுத்த படங்களிலேயே கறை தெரிந்தது. சாமந்தி மஞ்சள், பழுத்த மாம்பழ மஞ்சள், அரைத்த பசு மஞ்சளின் நிறம் இவைதான் ஹல்திக்கு ஏற்றவை. கடையில் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டிலேயே விரல் அகல வெள்ளைத் துணித் துண்டில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசி, காயவைத்து எடுத்துப் போங்கள். வாசல் வெளிச்சத்தில் அதைத் துணிமேல் வைத்துக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். துண்டின் ஓரம் கண்ணுக்குத் தப்பினால் அந்த மஞ்சளை எடுக்கலாம். பளிச்சென்று பிரிந்து தெரிந்தால் வேறு பாருங்கள். துப்பட்டா ஓரத்து வெள்ளை லேஸ், கழுத்தின் வெள்ளை நூல் வேலை, உள்ளே வெள்ளை லைனிங் இவற்றுக்கு இந்த மறைப்பு கிடையாது. துணி முழுக்கத் தப்பித்து லேஸ் மட்டும் மாட்டிக்கொள்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தச் சிவப்பு. குர்க்குமினுக்குக் காரம் பட்டால் நிறம் மாறும். சோப்பும் துணி பவுடரும் காரத்தன்மை உள்ளவை, அதனால் மஞ்சள் கறை செங்கல் நிறமாகிறது. நமக்கு இது புதிதும் இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான். ஆரத்தித் தண்ணீர் தெறித்தால் மஞ்சள் துணி எவ்வளவு கனமான மஞ்சளாக இருந்தாலும் மறைக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஹல்தி உடையோடு ஆரத்திக்கு நிற்பவர்கள் ஓர் அடி தள்ளி நிற்பது நல்லது.

சிவந்ததைப் பார்த்ததும் கறை நிலைத்துவிட்டது என்று பயந்து துணியைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. உண்மை நேர் எதிர். கார நீரில் குர்க்குமின் கூடுதலாகக் கரைகிறது, வேகமாகச் சிதையவும் செய்கிறது. சிவப்பு என்றால் சோப்பு கறையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அன்று அரை மூடி எலுமிச்சம்பழத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் பிழிந்து தோள்பட்டைக் கறைமேல் ஊற்றினேன். கண் முன்னாலேயே சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. "மேஜிக்கா சித்தி?" என்றாள். புளிப்பு காரத்தை முறித்தது, அவ்வளவுதான். இதனால் கறை போய்விடவில்லை, பழைய நிறத்துக்கு வந்திருக்கிறது. பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு விரலால் தேய்த்து அலசினோம். எண்ணெய் போகாமல் அதில் கரைந்த சாயம் போகாது என்பதால் முதல் வேலை எண்ணெயை எடுப்பதுதான்.

மடியில் இருந்த கறை வேறு ரகம். அங்கே மஞ்சளைவிட எண்ணெய் அதிகம் சிந்தியிருந்தது. எண்ணெய் பட்ட இடம் ஈரம் பட்டதுபோல் கருத்துத் தெரியும், அதை எந்த நிறத் துணியாலும் மறைக்க முடியாது. விழுந்த உடனே தேய்க்காமல், குழம்பைக் கரண்டியின் ஓரத்தால் வழித்து எடுத்துவிட்டு, உலர்ந்த கடலை மாவையோ முகப் பவுடரையோ கொட்டிப் பத்து நிமிடம் விட்டிருந்தால் பாதி எண்ணெயை அது குடித்திருக்கும்.

கடைசி மருந்து வெயில். குர்க்குமின் மூலக்கூறின் நடுவே ஓடும் நீளமான தொடர் வெளிச்சத்தில் அறுந்துபோகிறது. தொடர் அறுந்தால் நிறமும் இல்லை. அறுந்த துண்டுகளில் ஒன்று வனிலா வாசனைக்குக் காரணமான வனிலின் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். கறை வெயிலைப் பார்க்கும்படி குர்தாவை ஈரத்தோடு விரித்து, பத்து மணி முதல் ஒரு மணி வரை மொட்டை மாடியில் போட்டோம். முதல் நாளில் தோள்பட்டைக் கறை மங்கியது, இரண்டாம் நாளில் தேடினாலும் கிடைக்கவில்லை. வாரக்கணக்கில் விட்டால் துணியின் சொந்தச் சாயமும் வெளுத்துவிடும். துணியே இயற்கை மஞ்சளில் சாயம் போட்டதென்றால் வெயிலே ஆகாது, கறையோடு சேர்ந்து முழுத் துணியும் வெளிறும்.

அந்த ஜார்ஜெட் துப்பட்டாவுக்கு மட்டும் வழியில்லாமல் போனது. அது பாலியஸ்டர். பாலியஸ்டர் இழை சாதாரணச் சூட்டில் இறுக்கமாக மூடியிருக்கும், கறை மேலோடு நின்றுவிடும். அன்றே அலசியிருந்தால் பருத்தியைவிடச் சுலபமாகப் போயிருக்கும். ஆனால் மாலை வரவேற்புக்கு வேண்டும் என்று யாரோ அதைக் கறையோடு இஸ்திரி போட்டுவிட்டார்கள். சூடு ஏறினால் இழை நெகிழும், எண்ணெயில் இருந்த குர்க்குமின் உள்ளே நுழையும், ஆறியதும் இழை மறுபடி மூடிக்கொள்ளும். ஆலையில் பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றுவதும் இதே முறையில்தான். நாங்கள் வீட்டிலேயே ஒரு சாயப் பட்டறை நடத்திவிட்டோம். கறை முழுக்கப் போனது உறுதியாகும் வரை எந்தத் துணிமீதும் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது.

பட்டை ஹல்திக்கு உடுத்தவே வேண்டாம் என்பேன். பட்டு இழை குர்க்குமினை ஆசையோடு பிடித்துக்கொள்ளும். அதை விடுவிக்கும் காரமும் கடும் வெயிலும் பட்டுக்கு ஆகாது. நோய் வரும் இடத்தில் இரண்டு மருந்தும் விலக்கு என்றால் எப்படி?

தண்ணீருக்கு வருவோம். நனைந்த மெல்லிய துணி ஏன் கண்ணாடிபோல் ஆகிறது? உலர்ந்த துணியில் நூல்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. நூலும் காற்றும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சம் சிதறுவதால் துணி மறைப்பாக இருக்கிறது. அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்தால் சிதறல் குறையும், வெளிச்சம் ஊடுருவிப் போய்விடும். வெளிர் மஞ்சள் மல்மல் துணியில் இது மிக மோசம். வாங்கும்போதே அந்த ரகத்தின் ஒரு சிறு வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்கி, நனைத்து, உள்ளங்கையில் ஒட்டிப் பாருங்கள். கைரேகை தெரிந்தால் லைனிங் கட்டாயம். அதுவும் வெள்ளை வேண்டாம், அதே மஞ்சளோ உடல் நிறமோ இருக்கட்டும். ரேயான் குர்தா கடையில் அழகாகத் தொங்கும். ஆனால் ரேயான் நூல் நனைந்தால் பலத்தில் பாதியை இழந்து, கனத்துத் தொங்கி, உடம்போடு ஒட்டும். பருத்தியோ ஈரத்தில் இன்னும் உறுதியாகும். கொஞ்சம் நெருக்கமாக நெய்த பருத்தி, கணுக்கால் தெரியும் உயரம், அதிகம் சுருக்கம் வைக்காத பாவாடை, இதுவே என் தேர்வு. பெரிய வட்டப் பாவாடை நாலு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டால் அதை இழுத்துக்கொண்டு ஈரத் தரையில் நடக்க முடியாது.

உடுத்துவதற்கு முன் ஒரு முறை தனியாக அலசி, உடையில் சிவப்பு ஓரம் இருந்தால் ஈர வெள்ளைக் கைக்குட்டையால் அதை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை சிவந்தால் ஹல்தியில் அந்த ஓரம் மஞ்சளுக்குள் இறங்கும். மஞ்சள் கறை வெயிலில் போகும், அந்தச் சிவப்பு போகாது. அலசிய பிறகு பருத்திக்குக் கொஞ்சம் கெட்டியாகக் கஞ்சி போட்டால், கறையின் ஒரு பங்கு கஞ்சியிலேயே தங்கி முதல் அலசலில் அதோடு போய்விடும். தண்ணீர் ஊற்றும் வரைதான் இந்தக் காவல். முகத்துக்கு மட்டும் கஸ்தூரி மஞ்சள் குழைத்தால் கழுத்துப்பட்டையில் இறங்கும் கறை குறையும், அதில் குர்க்குமின் மிகக் குறைவு.

மாசி மாதத்தில் அக்கா மகளின் நாத்தனாருக்குக் கல்யாணம். போன வாரம் ஜவுளிக்கடையில் விற்பனையாளர் மேசைமேல் ஏழெட்டு மஞ்சளை விரித்துப் போட்டார். அவள் பையிலிருந்து விரல் அகலத் துணித் துண்டை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்து வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஐந்தாவது துணியில் துண்டு காணாமல் போனது. "இதுல நாலு மீட்டர் கிழிங்க அண்ணே" என்றாள்.