வெள்ளம் வடிந்த பிறகு வரும் எலிக்காய்ச்சல்

2018 கேரள வெள்ளத்தில் தண்ணீர் வடிந்தபின்தான் எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் இருக்கும் கிருமி, கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உடலில் நுழைகிறது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்தே காய்ச்சல் தொடங்கும். அதற்குள் வீடு கழுவியதையே மறந்திருப்போம்.

திடீர்க் காய்ச்சல், தலைவலியோடு கெண்டைக்காலை அழுத்தினால் கடுமையாக வலிக்கிறதா? பீளை இல்லாமல் கண் சிவந்திருக்கிறதா? கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். வெள்ளநீரில் நின்றதை நீங்களே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை தொடக்கத்தில் நோயைக் காட்டாமல் போகலாம். அதனால் சந்தேகத்தின் பேரிலேயே மருந்து தொடங்குவார்கள்.

காய்ச்சல் விட்டு மறுபடி வருவதும் உண்டு. கண் மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், சளியில் ரத்தம் வந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.