மறுமுனைக் குரல் – 9: காது விடுவதைக் கண் பிடிக்கும்

மறுமுனையில் இருப்பவரை நிதானமாகப் பேச வைப்பது பற்றிச் சென்ற வாரம் சொன்னேன். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் புகார் அழைப்புகளுக்குப் போவதாக இருந்தது. அதற்குள் 1955-இல் வெளியான ஓர் ஆய்வு என்னைப் பிடித்துக்கொண்டது.

ஜார்ஜ் மில்லர், பாட்ரிசியா நைஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஆங்கிலத்தின் 16 மெய்யொலிகளை இரைச்சலோடு கலந்து ஒலிக்கவிட்டு, கேட்பவர்கள் எதை எதுவாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். மூக்கொலியா இல்லையா என்பதைக் காது இரைச்சலிலும் கண்டுகொண்டது. ஆனால் ஒலி உதட்டில் பிறந்ததா, பல்லருகே பிறந்ததா என்பதில் எளிதாகத் தடுமாறியது. அதனால் ‘எம்’மும் ‘என்’னும் குழம்பின. எனக்கு வியப்பு இதுதான்: காது தவறவிடும் அந்த ஒன்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ‘எம்’முக்கு உதடு மூடும், ‘என்’னுக்கு மூடாது. நேரில் பேசும்போது நாம் அறியாமலே இதைப் பார்த்துத்தான் கேட்கிறோம். போனில் அந்த உதவி இல்லை. தாய்மொழி என்றால் விட்டுப்போனதை மனம் இட்டு நிரப்பும். இரண்டாம் மொழியில், அதுவும் ஊர் பெயர் தெரியாத ஆளின் பெயரையும் எண்ணையும் எதை வைத்து நிரப்புவது?

லைனும் தன் பங்குக்குக் குறைக்கிறது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ‘எஸ்’ஸின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் ‘எஃப்’பிலிருந்து பிரித்தறிவது கடினம்.

குற்றாலத்தில் சீசன், இலஞ்சியில் ஒரு விடுதி என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து ஆங்கிலத்தில் அழைப்பு. பெயர் மீனாவா, நீனாவா? ஆட்கள் ‘ஃபிஃப்டீன்’ஆ, ‘ஃபிஃப்டி’யா? வரவேற்பில் இருக்கும் தம்பி “ஃபிஃப்டீன்?” என்று திருப்பிக் கேட்டால் பயனில்லை. அதே லைனில் அது அவர் காதிலும் ‘ஃபிஃப்டி’ என்று விழலாம். அவர் “யெஸ்” என்பார். இலக்கம் இலக்கமாக “ஒன், ஃபைவ்?” என்று கேட்க வேண்டும். விமானிகளும் எண்களை இப்படித்தான் சொல்கிறார்கள். பெயருக்கு “எம் ஃபார் மைசூர்?” என்று கேட்டால், “நோ, என் ஃபார் நாக்பூர்” என்று பதில் வரும். பிறகு, எத்தனை அறை வேண்டும் என்று கேட்கட்டும். நான்கு அறை என்றால் 15 பேருக்குப் பொருந்தும், 50 பேருக்குப் பொருந்தாது. தேதியோடு கிழமையையும் சேர்த்துக் கேட்டால் 13-ஆ, 30-ஆ என்ற சந்தேகமும் தீரும். இவ்வளவையும் லைனில் இருக்கும்போதே எஸ்எம்எஸ்ஸில் அனுப்பி, படித்துச் சொல்லச் சொல்லலாம்.

புகார் அழைப்புகள் அடுத்த வாரம். அதற்குள் எம், என், எஸ், எஃப் நான்குக்கும் வெளியூர்க்காரருக்கும் தெரிந்த ஊர்ப் பெயர் ஒவ்வொன்று எழுதி, போன் அருகில் ஒட்டிவையுங்கள்.