பழைய வீட்டில் விரிசல்... எது காத்திருக்கும், எதைக் கண்டால் உடனே வெளியேற வேண்டும்?

2021 டிசம்பர் 27, திங்கட்கிழமை காலை. சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு பிளாக் முழுவதும் சரிந்து விழுந்தது. 24 வீடுகள் மண்ணோடு மண்ணாகின. ஆனால், ஓர் உயிர்கூடப் போகவில்லை. முந்தைய நாள் இரவே சுவர்களில் விரிசல் விடுவதைக் குடியிருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். காலையில் விரிசல் பெரிதானதும், கிடைத்ததை எடுத்துக்கொண்டு, குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். அதன் பிறகுதான் கட்டடம் விழுந்தது.

அந்தக் கட்டடம் ஒன்றும் நூறு வயதுக் கிழம் அல்ல. 1993-ல் கட்டியது. முப்பது வயதுகூட முடியவில்லை.

அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியது, சில மணி நேரம் முன்னதாகக் கிடைத்த எச்சரிக்கை. அதே எச்சரிக்கையைச் சில வருடங்களுக்கு முன்பே எழுத்தில் தருவதுதான் கட்டட உறுதித்தன்மை ஆய்வறிக்கையின் வேலை. ஆனால், பெரும்பாலானோர் அறிக்கை கைக்கு வந்ததும் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: 'ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்?' அதற்கு முன்னால் படிக்க வேண்டிய வரி வேறு. எந்த விரிசல் எத்தனை நாள் பொறுக்கும் என்பது!

இன்ஜினீயர் முதலில் எங்கே போவார்?

தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடிகளும் கொண்ட, முப்பது வயதான ஓர் அடுக்குமாடியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். குடியிருப்பவர்கள் இன்ஜினீயரை நேராக மூன்றாவது மாடிக்குத்தான் அழைத்துப் போவார்கள். அங்கேதான் படுக்கையறைச் சுவரில், சீலிங்குக்குக் கீழே, நீளமாகக் குறுக்கே ஓடும் விரிசல் இருக்கும். பார்க்கவே பயமாக இருக்கும். வெயிலில் மொட்டைமாடி கான்கிரீட் விரிந்து, இரவில் சுருங்குவதால் அது சுவரை இழுத்துக்கொண்டு போவதன் அடையாளம் அது. மழைநீர் இறங்காமல் அடைக்க வேண்டும். மொட்டைமாடியில் வெயிலைத் தடுக்கும் ஓடு பதிக்க வேண்டும். மற்றபடி, அதனால் கட்டடம் விழாது.

அனுபவமுள்ள இன்ஜினீயர் தரைத்தளத்தில்தான் தொடங்குவார். பைக் நிறுத்தும் இடம், மோட்டார் ரூம், படிக்கட்டுக்கு அடியில் பழைய சாமான் போட்டுவைத்திருக்கும் மூலை... யாரும் நின்று பார்க்காத இடங்கள். மூன்று மாடிகளின் எடையும் வந்து இறங்குவது அங்கிருக்கும் தூண்களில்தான். ஒரு தூணில் மேலிருந்து கீழாக நேர்கோடு போட்டதுபோல விரிசல், அதன் ஓரத்தில் பழுப்பு நிறக் கறை. அகலம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அவ்வளவுதான். மூன்றாவது மாடியில் பார்த்த விரிசலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், அறிக்கையில் முதல் வரி இதற்குத்தான்.

காரணம், துரு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால், இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இடம் அதற்குத் தேவைப்படும். உள்ளே இடம் இல்லை. அதனால் வெளிப்பக்க கான்கிரீட்டை நெம்பித் தள்ளுகிறது. கம்பி எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் விரிசல் ஓடும். ஆக, தூணில் நேர்கோட்டு விரிசல் தெரிகிறது என்றால், உள்ளே கம்பி ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கிறது. மேலே சிமென்ட் பூசினால் விரிசல் மறையும், துரு நிற்காது. பழைய கட்டடங்களில் அழகாகப் புதுப்பூச்சு பூசிய ஒற்றைத் தூணைப் பார்த்தால், இன்ஜினீயர்களுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

அடுத்து பீம். பீமின் நடுப்பகுதியில் அடியிலிருந்து மேலே ஏறும் மெல்லிய விரிசல்கள், பாரம் தாங்கும் கான்கிரீட்டில் ஓரளவு இயல்பானவைதான். 0.3 மில்லி மீட்டர் அகலம் வரை பொதுவாக அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. ஆனால், பீம் தூணோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சாய்வாக வெட்டியதுபோல விரிசல் இருந்தால் கதை வேறு. பீம் அறுபடத் தொடங்குவதன் அறிகுறி அது. இந்த வகை உடைப்பு மெதுவாகத் தொங்கிக் காட்டிவிட்டு வருவதில்லை, திடீரென வரும்.

ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பும் சாய்வு விரிசலை வைத்து மட்டும் உடனே முடிவு சொல்ல முடியாது. ஜன்னலுக்கு மேல் லிண்டல் பலவீனமாக இருந்தாலும் வரும்; அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மண்ணில் இறங்கினாலும் வரும். ஒரே மூலையில், கீழ்மாடியிலும் மேல்மாடியிலும் ஒரே பக்கம் சாய்ந்து, மேலே போகப் போக அகலம் கூடினால் அஸ்திவாரத்தைச் சந்தேகிப்பார்கள். கதவுகள் திடீரென நிலையில் இடித்துக்கொண்டு மூட மறுப்பதும் இதோடு சேர்ந்து வரும்.

சுத்தியலும் பிங்க் நிறமும்

கண்ணால் பார்த்ததை உறுதிசெய்யச் சில சோதனைகள் உண்டு. சாதாரண சுத்தியலால் தட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி, 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் மேல் கான்கிரீட் கம்பியிலிருந்து பிரிந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்று, பள்ளி லேப்பில் எல்லோரும் பார்த்த பினாப்தலீன். கான்கிரீட்டில் சின்னத் துளை போட்டு, தூசியை ஊதிவிட்டு, இந்தத் திரவத்தைத் தெளிப்பார்கள். பளிச்சென்று பிங்க் நிறம் வந்தால் கான்கிரீட் இன்னும் காரத்தன்மையோடு இருக்கிறது. அந்தக் காரம்தான் கம்பிக்குக் கவசம். நிறமே மாறவில்லை என்றால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு அந்த ஆழம் வரை புகுந்து கவசத்தைக் கரைத்துவிட்டது. நிறமற்ற பகுதி கம்பி வரை போய்விட்டால், அதன் பிறகு துருப்பிடிக்க ஈரம் மட்டும் போதும். பாத்ரூம் கசிவைப் பல வருடங்களாக 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்ட வீடுகளில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

கான்கிரீட்டின் வலுவைப் பார்க்க, ரீபவுண்டு சுத்தியல் என்ற கருவியை வைத்து அழுத்துவார்கள். அது எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதை வைத்துக் கணக்கு. இதில் ஒரு பொறி இருக்கிறது. காரம் போன பழைய கான்கிரீட்டின் மேல்தோல் கெட்டியாகிவிடும். அதனால், முதிர்ந்த கட்டடத்தில் கருவி உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டும். ஓர் அறிக்கை இந்த ஒரு கருவியின் எண்ணை மட்டும் காட்டி 'வலு போதுமானது' என்று முடித்திருந்தால், மற்ற சோதனைகள் எங்கே என்று கேட்க வேண்டும்.

எது முதலில்?

அவசரத்தை வரிசைப்படுத்த மும்பை மாநகராட்சி ஒரு முறை வைத்திருக்கிறது. பழைய கட்டடங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். சி-1 என்றால் உடனே காலிசெய்து இடிக்க வேண்டியது. சி-2ஏ என்றால் ஆட்களை வெளியேற்றிவிட்டுப் பெரிய பழுதுபார்ப்பு அல்லது பகுதியை இடிப்பது. சி-2பி என்றால் ஆட்கள் இருக்கும்போதே உறுதிப்படுத்தும் வேலை செய்யலாம். சி-3 சின்னச் சின்ன ரிப்பேர்.

நம் உதாரணக் கட்டடத்தை இந்தக் கண்ணோடு பார்ப்போம். மூன்றாவது மாடியின் சீலிங் ஓர விரிசல், அடுத்த மழைக்காலத்துக்குள் முடித்தால் போதும். பாத்ரூமுக்குக் கீழ் வீட்டில், சீலிங் காரை பெயர்ந்து கம்பி எட்டிப் பார்க்கிறது. அது மாதக் கணக்கு. அதுவரை அந்த இடத்துக்கு அடியில் கட்டில் போடக் கூடாது, ஏனென்றால் கட்டடம் விழாவிட்டாலும் கான்கிரீட் துண்டு விழும். தரைத்தளத் தூண் மட்டும் நாள் கணக்கு: பக்கத்து பீம்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மேலே உள்ள தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்துவிட்டு, தூணைத் திறந்து பார்க்க வேண்டும். கம்பி பாதியாக மெலிந்திருந்தால், மேலே இருப்பவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

முட்டுக் கொடுப்பதிலும் தவறு நடக்கும். இரண்டாவது மாடி பீமுக்கு முதல் மாடித் தரையில் இரும்பு முட்டு நிறுத்திவிட்டு, 'சப்போர்ட் கொடுத்தாச்சு' என்று போய்விடுவார்கள். அந்த எடையை இப்போது முதல் மாடித் தளம் சுமக்கிறது! முட்டுக்கு நேர் கீழே மற்றொரு முட்டு என, தரை வரை இறங்க வேண்டும்.

அவசரத்தை எழுதாத அறிக்கை என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு துயரமான உதாரணம் உண்டு. ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில், 1981-ல் கட்டிய சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பு. 2018 அக்டோபரில் ஓர் இன்ஜினீயர் ஆய்வுசெய்து, நீச்சல் குளத் தளத்தின் நீர்த்தடுப்பு கெட்டு, அதற்குக் கீழுள்ள கான்கிரீட்டில் பெரும் சேதம் என்று எழுதினார். கார் நிறுத்தும் தளத்தின் தூண்களிலும் பீம்களிலும் ஏராளமான விரிசல் என்றும் எழுதினார். விரைவில் சரிசெய்யாவிட்டால் சேதம் பன்மடங்காகும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. ஆனால், கட்டடம் விழக்கூடும் என்றோ, எந்த வேலையை எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றோ இல்லை. அடுத்த மாதமே நகர அதிகாரி ஒருவர், கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாகக் குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னார். செலவு யார் தலையில் என்ற பேச்சிலேயே இரண்டரை வருடங்கள் ஓடின. 2021 ஜூன் 24 நள்ளிரவு தாண்டிக் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். 2018-ல் அறிக்கை சுட்டிக்காட்டிய அந்த நீச்சல் குளத் தளம்தான் முதலில் விழுந்தது.

சாமல்பட்டிப் பக்கம் கல் கூரை வீடுகள்

இதுவரை சொன்னதெல்லாம் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு. சாமல்பட்டி, கிருஷ்ணகிரி, ஓசூர் எனக் கருங்கல் தாராளமாகக் கிடைக்கும் வட்டாரத்தில், பழைய வீடுகள் பலவற்றின் கூரை கல் பலகைகள்தான். சுவருக்குச் சுவர் பலகையை வைத்து, மேலே மண்ணும் சுண்ணாம்பும் போட்டு மூடியிருப்பார்கள். இந்தக் கல்லுக்குத் துரு பயம் இல்லை. எத்தனை மழை வந்தாலும் அசராது. ஆனால், உள்ளே கம்பி இல்லை. கான்கிரீட் தளம் தொங்கும், காரை கொட்டும், ஏதாவது ஒரு விதத்தில் முன்கூட்டியே சொல்லும். கல் பலகை, உடையும்போதுதான் சொல்லும்.

அதனால் இங்கே வரிசையும் மாறுகிறது. இரண்டு பலகைகளுக்கு இடையிலான இணைப்பில் தெரியும் நீளக்கோடு, வெறும் பூச்சு விட்டுப்போன இடம். ஒழுகினால் அடைத்தால் போதும். ஆனால், ஒரு பலகையின் நடுவில், சுவர்களுக்கு இணையாகக் குறுக்கே ஒரு மயிரிழை விரிசல் ஓடினால், அகலம் எவ்வளவு என்று அளக்கவே வேண்டாம். அன்று இரவே அந்தப் பலகைக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. மேலே ஒழுகுவதற்காக வருடா வருடம் போட்ட கூடுதல் கலவை, அதன்மேல் வைத்த சின்டெக்ஸ் தொட்டி எல்லாம் சேர்ந்துதான் பெரும்பாலும் பலகையை முறிக்கும். ஆயிரம் லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே ஒரு டன் எடை.

மற்ற விரிசல்கள் வளர்கின்றனவா, நின்றுவிட்டனவா என்று தெரிந்துகொள்ள வழி எளிது. விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு, பக்கத்திலேயே தேதி எழுதிவைக்க வேண்டும். விரிசலின் மேல் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை, இரு முனையும் அசையாமல் ஒட்டிவைப்பதும் வழக்கம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மாதம் ஒருமுறை அதே இடத்தில், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து போனில் ஒரு படம் எடுத்தால், ஆய்வுக்கு வரும் இன்ஜினீயருக்கு ஆறு மாதக் கதை கையில் கிடைக்கும். தரைத்தளத் தூணில் துருக்கறையோடு கோடு தெரிந்தாலோ, பீம் ஓரத்தில் சாய்வாக விரிசல் இருந்தாலோ, அந்த ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. ஒரே இரவில் விரிசல் நீண்டால், திருவொற்றியூர்க்காரர்கள் செய்ததுபோல முதலில் கீழே இறங்கிவிட வேண்டும். போன் போடுவதெல்லாம் தெருவுக்கு வந்த பிறகு.